சுருதி சொல்லும் சின்னஞ்சிறு மின்சுற்று



மயிலாப்பூரில் மாலை வேளையில் எந்தத் தெருவில் நடந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து பாட்டு வகுப்பின் ஒலியும், அதற்குப் பின்னால் ஓயாமல் ஒலிக்கும் சுருதியும் கேட்கும். முன்பு அந்தச் சுருதியைத் தம்பூராவோ துருத்தி வைத்த சுருதிப் பெட்டியோ கொடுத்து வந்தது. பெங்களூரில் புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் 1979-ஆம் ஆண்டில் எலெக்ட்ரானிக் தம்பூராவை உருவாக்கினார். அதன் பிறகு மின்சாரத்தால் சுருதி தரும் பெட்டிகள் வீடுதோறும் புகுந்துவிட்டன. துருத்தியும் தந்தியும் இல்லாத ஒரு பெட்டி ஒரே சுருதியில் எப்படி நிற்கிறது? கடைகளில் விற்கும் பெட்டியின் உட்சுற்று பெரியது. ஆனால் ஒரே ஒரு ஐ.சி., ஒரு மின்தடை, ஒரு மின்தேக்கி ஆகியவற்றைக் கொண்டு நாமே சுருதி ஒன்றை எழுப்பிப் பார்க்கலாம். எந்தப் பாகம் சுருதியை நிர்ணயிக்கிறது, எது அதைக் கெடுக்கிறது என்பதையும் அந்தச் சிறிய சுற்றிலேயே தெளிவாகக் காணலாம்.

முதலில் நம் வீட்டு மொட்டை மாடிக்குச் செல்வோம். தண்ணீர்த் தொட்டிக்குத் தானாக இயங்கும் மோட்டார் வைத்திருந்தால், அதற்கு இரண்டு அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். நீர் கீழ்க்குறிக்கு இறங்கினால் மோட்டார் ஓடத் தொடங்கும். மேல்குறிக்கு ஏறினால் நின்றுவிடும். இரண்டு குறிகள் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்கலாம். ஒரே குறி இருந்தால், நீர் அதைத் தொட்டதும் மோட்டார் நிற்கும். ஒரு குவளை நீர் செலவானதும் மீண்டும் ஓடும். உடனே மறுபடி நிற்கும். இப்படி நடுங்கி நடுங்கியே மோட்டார் கெட்டுப்போகும். இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் ஓடுவதற்கும் ஓய்வதற்கும் ஓர் ஒழுங்கான கால அளவைத் தருகிறது.

ஷ்மிட் இன்வெர்ட்டர் என்னும் மின்னணுக் கருவியும் இதே குணம் உடையது. அதற்கு ஓர் உள்வாயும் ஒரு வெளிவாயும் உண்டு. உள்வாயின் மின்னழுத்தம் மேல்குறியைத் தாண்டினால் வெளிவாய் பூஜ்யத்துக்கு விழும். உள்வாய் கீழ்க்குறிக்குக் கீழே இறங்கினால் வெளிவாய் முழு மின்னழுத்தத்துக்கு எழும். இரு குறிகளுக்கும் நடுவே இருக்கும்போது, முன்பு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையிலேயே நிற்கும். இத்தகைய சுற்றை அமெரிக்கரான ஆட்டோ ஷ்மிட் 1934-இல் வடிவமைத்தார். அப்போது அவர் ஆராய்ச்சி மாணவர். கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஆராய்ந்து வந்தார். நரம்பும் ஓர் எல்லை வரை பொறுத்திருந்து, பிறகு ஒரேயடியாகத் துடிக்கிறது அல்லவா? அதே குணத்தை அவர் வால்வுகளைக் கொண்டு ஒரு சுற்றுக்குக் கொடுத்தார். இன்று அத்தகைய ஆறு இன்வெர்ட்டர்கள் சி.டி. 40106 என்னும் ஒரே ஐ.சி.யில் அடங்கிக் கிடைக்கின்றன. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரிபாகக் கடைகளில் இதைக் கேட்டு வாங்கலாம்.

இனி நம் சுற்றைப் பார்ப்போம். இன்வெர்ட்டரின் வெளிவாயிலிருந்து உள்வாய்க்கு ஒரு மின்தடையை இணைக்க வேண்டும். இதை R என்போம். உள்வாயிலிருந்து தரைக்கு, அதாவது பாட்டரியின் எதிர்முனைக்கு, ஒரு மின்தேக்கியை இணைக்க வேண்டும். இதை C என்போம். சுற்று முடிந்துவிட்டது! பாட்டரியை இணைத்தவுடன் மின்தேக்கி வெறுமையாக இருக்கும். எனவே உள்வாய் தாழ்வாகவும் வெளிவாய் உயர்வாகவும் இருக்கும். உயர்ந்த வெளிவாயிலிருந்து மின்தடை வழியாக மின்தேக்கி மெல்ல மெல்ல நிரம்பும். மேல்குறியைத் தொட்டதும் வெளிவாய் சட்டென்று பூஜ்யமாகும். இப்போது அதே மின்தடை வழியாகவே மின்தேக்கி வடியத் தொடங்கும். கீழ்க்குறிக்கு வந்ததும் வெளிவாய் மீண்டும் எழும். நிரம்புவதும் வடிவதும் இப்படி முடிவின்றி நடக்கும். மெல்லச் சேர்த்து வைத்து, எல்லை வந்ததும் சட்டென்று தளர்த்திவிடும் இத்தகைய அலைவுகளுக்கு ‘ரிலாக்ஸேஷன்’ அலைவுகள், அதாவது தளர்வு அலைவுகள், என்ற பெயரை டச்சு விஞ்ஞானி வான் டெர் போல் 1926-இல் வழங்கினார்.

ஒரு முறை நிரம்பி வடிய எவ்வளவு நேரம் ஆகும்? மின்தடை அதிகமானால் மின்னோட்டம் குறையும்; நிரம்ப நேரமாகும். மின்தேக்கி பெரிதானாலும் நேரமாகும். எனவே R, C இரண்டையும் பெருக்கி வரும் தொகையே காலத்தின் அடிப்படை அளவாகிறது. 1 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபாரடும் பெருகினால் 1 மில்லி செகண்டு கிடைக்கும். ஆனால் மின்தேக்கி ஒரே சீராக நிரம்புவதில்லை. நிரம்ப நிரம்ப, மீதமுள்ள இடைவெளி குறைவதால் அதன் வேகமும் குறைகிறது. RC அளவு நேரம் கழிந்தால் மீதி இடைவெளி 37 சதவீதம் ஆகும்.

5 வோல்ட்டில் 40106-இன் மேல்குறி சாதாரணமாக 2.9 வோல்ட், கீழ்க்குறி 1.9 வோல்ட் என்று அதன் விவரக் குறிப்பு கூறுகிறது. நிரம்பும்போது மின்தேக்கி 1.9-லிருந்து 2.9-க்கு ஏறுகிறது. 5 வோல்ட்டை எட்ட இருந்த இடைவெளி 3.1-லிருந்து 2.1-க்குக் குறைகிறது. லாகரிதம் கொண்டு கணக்கிட்டால் இதற்கு 0.39 RC நேரம் ஆகும். வடியும்போது 2.9-லிருந்து 1.9-க்கு இறங்க 0.42 RC ஆகும். இரண்டையும் கூட்டினால் ஒரு முழு அலைவுக்கு 0.81 RC. ஆக, ஒரு செகண்டில் எத்தனை அலைவுகள் என்னும் அதிர்வெண்ணுக்கு இந்தச் சூத்திரம் கிடைக்கிறது:

f = 1 / (0.81 × R × C)

நம்மில் பாடும் தோழியர் பலர் 5 கட்டைச் சுருதியில் பாடுகிறார்கள். அது ஹார்மோனியத்தில் ‘ஜி’ என்னும் கட்டை. அதிர்வெண் 196 ஹெர்ட்ஸ். ஓர் அலைவுக்கு 5.1 மில்லி செகண்டு. அதை 0.81-ஆல் வகுத்தால் RC சுமார் 6.3 மில்லி செகண்டு. மின்தேக்கியை 0.1 மைக்ரோ ஃபாரட் என்று எடுத்துக்கொண்டால், மின்தடை சுமார் 63 கிலோ ஓம் இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

ஒரே மின்தடைக்குப் பதிலாக, 47 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும், திருகினால் பூஜ்யத்திலிருந்து 47 கிலோ ஓம் வரை மாறும் மின்தடை ஒன்றையும் தொடராக இணைத்துப் பாருங்கள். திருகை முழுவதும் ஒரு பக்கம் வைத்தால் R மொத்தம் 94 கிலோ ஓம். அதிர்வெண் சுமார் 131 ஹெர்ட்ஸ். அது 1 கட்டை. மறுபக்கம் முழுவதும் வைத்தால் R 47 கிலோ ஓம். அதிர்வெண் இரட்டிப்பாகி 262 ஹெர்ட்ஸ். அது மேல் ஸ்தாயி 1 கட்டை. ஒரு முழு ஸ்தாயி அந்தத் திருகுக்குள் அடங்கிவிடுகிறது!

இடையில் என்ன நடக்கிறது என்பதே எனக்கு மிகவும் வியப்பைத் தந்தது. 1 கட்டையை ஸட்ஜமமாக வைத்துக்கொள்வோம். திருகைச் சரிபாதியில் நிறுத்தினால் R 70.5 கிலோ ஓம், அதாவது 94-இல் முக்கால் பங்கு. கேட்கும் ஸ்வரம் சுத்த மத்யமம். R-ஐ 94-இல் மூன்றில் இரண்டு பங்காக, சுமார் 62.7 கிலோ ஓமாக, வைத்தால் பஞ்சமம். பாதியாக வைத்தால் மேல் ஸட்ஜமம். வீணை வாசிக்கும் தோழியருக்கு இந்தப் பின்னங்கள் பழக்கமானவை. தந்தியின் நீளத்தை முக்காலாக்கினால் மத்யமம், மூன்றில் இரண்டாக்கினால் பஞ்சமம், பாதியாக்கினால் மேல் ஸட்ஜமம். ஆக, இந்தச் சுற்றில் மின்தடைதான் தந்தியின் நீளம்! வீணையில் மேலே போகப்போக மெட்டுகள் நெருங்கி வருவது போலவே, R குறையும் பக்கத்தில் ஸ்வரங்களும் திருகில் நெருங்கி நிற்கும். மின்தேக்கியோ ஸ்தாயியை மாற்றும். இன்னொரு 0.1 மைக்ரோ ஃபாரடைப் பக்க இணைப்பில் சேர்த்தால், எல்லா ஸ்வரங்களும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்.

இதையெல்லாம் என் பாட்டியிடம் விளக்கியபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எல்லாம் சரிடி அம்மா, அந்த டப்பா 5 கட்டைன்னு சொன்னா அது 5 கட்டைதான்னு எப்படி நம்பறது?” மிகவும் நியாயமான கேள்வி. தப்பான சுருதியில் தினமும் சாதகம் செய்தால் குரல் அந்தத் தப்புக்கே பழகிவிடும். எனவே சூத்திரத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்த்தாக வேண்டும்.

சூத்திரத்தில் மூன்று எண்கள் உள்ளன. மின்தடையில் தங்க நிறக் கோடு இருந்தால், குறித்த அளவிலிருந்து 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். மின்தேக்கி 10 சதவீதம் வரை மாறலாம். இரண்டும் ஒரே பக்கம் மாறினால், 196 ஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டது 170-ஆகவோ 229-ஆகவோ வரக்கூடும். 170 என்பது 4 கட்டைக்கும் கீழே. 229 என்பது 6 கட்டைக்கும் மேலே. அடுத்தடுத்த இரண்டு ஸ்வர ஸ்தானங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் சுமார் 6 சதவீதமே என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும்.

மூன்றாவது எண்ணான 0.81 இன்னும் ஏமாற்றக்கூடியது. அது ஐ.சி.யின் இரண்டு குறிகளிலிருந்து வந்தது. அவை ஐ.சி.க்கு ஐ.சி. வேறுபடும். 5 வோல்ட்டில் இரு குறிகளுக்கும் உள்ள இடைவெளி சாதாரணமாக 0.9 வோல்ட் என்றும், ஆனால் 0.3 முதல் 1.6 வோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம் என்றும் விவரக் குறிப்பு எச்சரிக்கிறது. நம் கையில் உள்ள ஐ.சி.யின் மேல்குறி 3.0 வோல்ட், கீழ்க்குறி 1.8 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 0.1 வோல்ட்தான் தள்ளியிருக்கிறது. ஆனாலும் 0.81 என்பது 0.98 ஆகிவிடும். 5 கட்டை என்று நினைத்த பெட்டி 162 ஹெர்ட்ஸில், 3 கட்டைக்கும் சற்றுக் கீழே ஒலிக்கும்!

உங்கள் ஐ.சி.யின் குறிகளை நீங்களே அளந்துவிடலாம். R, C இரண்டையும் கழற்றிவிட்டு, திருகு மின்தடையின் இரு ஓரங்களையும் 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் இணைத்து, அதன் நடுமுனையை உள்வாயில் சேருங்கள். மெதுவாகத் திருகி மின்னழுத்தத்தை ஏற்றுங்கள். வெளிவாய் விழும் கணத்தில் உள்வாயின் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்; அது மேல்குறி. பிறகு மெதுவாக இறக்குங்கள். வெளிவாய் எழும் கணத்தில் இருப்பது கீழ்க்குறி. இந்த இரண்டு எண்களைக் கொண்டு கணக்கிட்டால், சூத்திரம் உங்கள் ஐ.சி.க்கே உரியதாகிவிடும்.

இங்கே ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. ஐ.சி. எதுவானாலும், அதன் எண் 0.81 ஆனாலும் 0.98 ஆனாலும், அது எல்லா ஸ்வரங்களுக்கும் பொதுவானது. R-ஐ மூன்றில் இரண்டு பங்காக்கினால் கிடைப்பது எப்போதும் பஞ்சமமே. ஸ்வரங்களுக்கு இடையே உள்ள உறவை மின்தடையின் விகிதம் தீர்மானிக்கிறது. ஆதார சுருதி எங்கே நிற்கும் என்பதைத்தான் ஐ.சி.யும் மின்தேக்கியும் மாற்றிவிடுகின்றன. தந்தியின் முறுக்கைத் தளர்த்தினாலும் வீணையின் மெட்டுகள் தம் இடத்திலேயே இருப்பது போன்றது இது. எனவே செய்ய வேண்டிய வேலை ஒன்றே: முறுக்காணியைத் திருகுவது போல, சுற்றையும் ஒரு முறை சுருதி சேர்க்க வேண்டும்.

அதற்குக் காதே போதும். சரியாகச் சுருதி சேர்த்த ஹார்மோனியத்தில் 5 கட்டையை அழுத்திக்கொண்டு, நம் சுற்றையும் ஒலிக்க விடுங்கள். நம் சுற்று 198 ஹெர்ட்ஸில் இருந்தால், ஒலி செகண்டுக்கு இரண்டு முறை பெருகித் தணியும். இதை விம்மல் என்று பௌதிகப் பாடத்தில் படிக்கிறோம். திருகை மெல்ல நகர்த்தினால் விம்மல் வேகமாகும் அல்லது மெதுவாகும். மெதுவாகும் பக்கமே சரியான பக்கம். விம்மல் நீண்டு நீண்டு மறையும்போது இரு ஒலிகளும் ஒன்றாகிவிட்டன என்று பொருள்.

சேர்த்த சுருதி நிற்குமா என்பது அடுத்த கேள்வி. சாதாரண ‘டிஸ்க்’ வடிவ செராமிக் மின்தேக்கியின் அளவு வெப்பத்தால் மாறும். நம் சென்னையின் மே மாத மத்தியானத்தில் காலையில் சேர்த்த சுருதி இருக்காது. ஒலிக்கும்போது மின்தேக்கியின் உடலை, அதன் கம்பிகளைத் தொடாமல், விரல்களால் பிடித்துச் சூடாக்கிப் பாருங்கள். சுருதி நழுவினால் அது ஆகாது. பாலியெஸ்டர் மின்தேக்கி போட்டால் இந்தக் குறை பெரிதும் நீங்கும். பாட்டரி தளர்ந்தால் என்ன ஆகும்? மின்னழுத்தம் மாறும்போது இரு குறிகளும் ஏறக்குறைய அதே விகிதத்தில் மாறுகின்றன. 10 வோல்ட்டில் அவை 5.9, 3.9 ஆகின்றன, கணக்கிட்டால் அதே 0.81 வருகிறது. ஆனால் விகிதம் துல்லியமாக அப்படியே நிற்பதில்லை. அரை சதவீதம் மாறினாலே செகண்டுக்கு ஒரு விம்மல் கேட்கும். எனவே 9 வோல்ட் பாட்டரிக்கும் சுற்றுக்கும் நடுவே 7805 என்னும் சீராக்கியை வைத்து, 5 வோல்ட்டை நிலையாகப் பெறுவது நல்லது.

சுற்றைக் கட்ட விரும்பும் தோழியருக்குச் சில குறிப்புகள். ஐ.சி.யின் 14-ஆம் முனை 5 வோல்ட்டுக்கும் 7-ஆம் முனை தரைக்கும் செல்ல வேண்டும். முதல் இன்வெர்ட்டரின் உள்வாய் 1, வெளிவாய் 2. அதன் வெளிவாயில் ஸ்பீக்கரை நேராக இணைக்கக் கூடாது. அவ்வளவு மின்னோட்டம் தர ஐ.சி.யால் இயலாது. 2-ஆம் முனையை அடுத்த இன்வெர்ட்டரின் உள்வாயான 3-க்குக் கொடுத்து, அதன் வெளிவாயான 4-லிருந்து 10 கிலோ ஓம் வழியாக பி.சி. 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்குச் செல்லுங்கள். எமிட்டர் தரைக்கு. கலெக்டரிலிருந்து 100 ஓம் மின்தடையும் 8 ஓம் ஸ்பீக்கரும் தொடராக 5 வோல்ட்டுக்கு. பயன்படாத உள்வாய்களான 5, 9, 11, 13 ஆகியவற்றைத் தரையில் கட்டிவிட வேண்டும். அந்தரத்தில் விட்டால் அவை அக்கம்பக்கத்து மின்சாரத்தை வாங்கித் தாமாகத் தடுமாறும்.

ஒலியே வராவிட்டால்? மல்டிமீட்டரை 2-ஆம் முனையில் வைத்தால் சுமார் இரண்டரை வோல்ட் காட்டும். சுற்று நன்றாக ஓடினாலும் சராசரியாக அதே இரண்டரைதான் வரும். பாதி வழியில் செத்து நின்றாலும் அதே இரண்டரை வரலாம். மீட்டரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அப்போது 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை, எதிர்முனை தரைப்பக்கம் இருக்குமாறு, C-க்குப் பக்க இணைப்பில் சேருங்கள். வேகம் ஏறக்குறைய நூறில் ஒன்றாகி, செகண்டுக்கு சுமார் இரண்டு அலைவுகள் ஆகும். ஸ்பீக்கரில் ‘டிக் டிக்’ என்று கேட்டால் அலைவு ஓடுகிறது என்று தெளியலாம். மீட்டர் அசையாமல் நடுவிலேயே நின்றால், கடையில் 40106-க்குப் பதிலாக 4069 என்னும் சாதாரண இன்வெர்ட்டர் வந்துவிட்டதா என்று மேலே அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். அதற்கு இரண்டு குறிகள் இல்லை. ஒரே குறி வைத்த தண்ணீர்த் தொட்டி போன்றது அது.

இந்தச் சுற்றின் ஒலி தம்பூராவின் இனிமைக்கு ஈடாகாது. வெளிவாய் மேலும் கீழும் சட்டென்று தாவுவதால் ஒலி ஊதல் போலக் கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சூத்திரம் சுருதியின் பக்கத்து வீடு வரை கொண்டு போய் விடும். வாசற்படியைத் திருகும் காதும் சேர்ந்தே காட்ட வேண்டும். அப்படி ஒரு முறை சேர்த்துவிட்டால், பஞ்சமம் எங்கே, மத்யமம் எங்கே என்பதை மின்தடையே பிழையின்றிச் சொல்லிவிடும்.